ரவிக்கை போடாத அம்முச்சியும் துண்டு இல்லாமல் வாசலுக்கு வராத அம்மாவும்

ஈசிஜி அறையில் அம்மாவைப் பெற்ற அம்முச்சியைப் படுக்க வைத்தபோது வெட்கப்பட்டது டெக்னீஷியன் பையன்தான். 2016-இல் அம்முச்சிக்கு 84 வயது. வெள்ளைச் சேலை, ரவிக்கை கிடையாது. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் அந்தத் தலைமுறைக் கைம்பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். பையன் வயர்களைக் கையில் வைத்துக்கொண்டு "பாட்டி, கொஞ்சம் சேலையை..." என்று இழுத்தான். அம்முச்சி முந்தானையை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, "எங்கெங்க வெக்கோணுமோ வெய்யி சாமி, எனக்கென்ன" என்றாள். நாலே நிமிடத்தில் வேலை முடிந்தது. நெஞ்சுக் கரிப்புக்குக் காரணம் வயிறுதான், இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

வெளியே வந்ததும் அம்முச்சிக்கு ஒரே கோபம். காலில் கிளிப் மாட்டுவதற்காக அந்தப் பையன் சேலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறான், இறக்கிவிட மறந்துவிட்டான். "கெண்டைக்கால் தெரிய ஏத்தி உட்டுட்டுப் போயிட்டான் பாரு, கூறுகெட்டவன்" என்று ஊர் போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த மாதமே அம்மாவையும் அதே அறைக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அப்போது 62. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா நைட்டிக்கு மேல் ஒரு துண்டு போடாமல் பால் பாக்கெட் எடுக்கக்கூட வாசலுக்கு வரமாட்டார். நைட்டி கழுத்து வரை மூடியிருக்கும், கை முழங்கை வரை இருக்கும். ஆனாலும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று எனக்கு நெடுநாள் புரிந்ததில்லை. பெரும்பாலும் அது ஒரு தோளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அதே டெக்னீஷியன்தான். அம்மா ஊக்கைக் கழற்ற மாட்டேன் என்றார். "மேலாப்ல வெச்சுக்கோப்பா, போதும்" என்றார். அவனும் பாவம், எவ்வளவு நேரம் கெஞ்சுவான். ரவிக்கைக் கழுத்துக்கு மேலே எட்டிய இடத்தில் எல்லாம் ஒட்டி எடுத்துக் கொடுத்துவிட்டான். பழைய மாரடைப்பு ஒன்று வந்து போயிருக்கலாம் என்கிற மாதிரி ரிப்போர்ட் வந்தது. நாங்கள் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் இதய மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எலெக்ட்ரோடை எங்கம்மா வெச்சாங்க?" என்று கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தார். மருத்துவர் பெண் செவிலியரை விட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். படம் சாதாரணமாக வந்தது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் ரத்தசோகை என்று அப்புறம் தெரிந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஈசிஜியில் மொத்தம் பத்து இடத்தில் ஒட்டுவார்கள். நாலு கைகால்களில், ஆறு நெஞ்சில். நெஞ்சில் முதல் இரண்டும் நடு எலும்பின் இருபுறமும் நாலாவது விலா இடைவெளியில் வரும். நாலாவதிலிருந்து ஆறாவது வரை மார்புக்கு அடியில் தொடங்கி அக்குள் நேர்க்கோடு வரை போகும். இவற்றை இரண்டு விரல்கடை மேலே ஏற்றி ஒட்டினால் இதயம் அதேதான், படம் வேறு. இல்லாத மாரடைப்பு இருப்பதுபோல் தெரியலாம், இருப்பது தெரியாமலும் போகலாம். ஆகவே "மேலாப்ல போதும்" என்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் வேறு சிலவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். பெண் பணியாளர் இருக்கிறாரா என்று ரசீது போடும்போதே கேட்கலாம், படுத்த பிறகு கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒட்டி முடித்ததும் மேலே ஒரு துணியைப் போர்த்தச் சொல்லலாம். துணி மேலே கிடந்தால் படம் கெடாது. முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கையோ முன்பக்கம் திறக்கும் நைட்டியோ போட்டுக்கொண்டு போனால் வேலை பாதி. பின்பக்க ஊக்கு ரவிக்கை, தலை வழியாகக் கழற்றும் குர்த்தி இரண்டும் அன்றைக்கு வேண்டாம். ஆண் மருத்துவர் உடம்பைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கேட்பது உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அதனால் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஈசிஜிக்குப் பிறகு நான் அம்முச்சியைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு சுதந்திரமாக இருந்திருக்கிறார்கள் பாருங்கள், நாம்தான் துணியைச் சுற்றிக்கொண்டு அல்லாடுகிறோம் என்று. ஒரு நாள் அம்முச்சியிடமே இதைச் சொன்னேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே, "நானெங்க கழட்டுனன்? கழட்டுனது அவுளுக" என்றாள்.

தாத்தா இறந்தபோது அம்முச்சிக்கு 31 வயது. அம்மாவுக்கு ஒன்பது. அதுவரை ரவிக்கை போட்டுக்கொண்டிருந்தவள்தான், அதிலும் கை வைத்த இடத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது. தாலி அறுத்த பதினாறாம் நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து வெள்ளைச் சேலையைக் கையில் கொடுத்துவிட்டு, இனி இதெல்லாம் எதற்கு என்று ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு போனார்களாம். அதில் ஒன்றை அவர்களில் ஒருத்தி பிறகு போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்ததை அம்முச்சி பார்த்திருக்கிறாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ரவிக்கையின் நிறத்தைச் சொன்னாள். கிளிப்பச்சை. முதல் இரண்டு வருஷம் தண்ணிக்குப் போகும்போது கையைக் குறுக்கே கட்டிக்கொண்டுதான் போவாளாம். "அப்பறம் பழகிப் போச்சு. பழகுனப்பறம் மறுபடி போடச் சொன்னா அது ஒரு கூச்சம்" என்றாள்.

மூடாமல் இருப்பது சுதந்திரம், மூடுவது அடிமைத்தனம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அன்றைக்குக் கெட்டது. உண்மையில் அது கல்லூரி விடுதியிலேயே கெட்டிருக்க வேண்டும். அறைத்தோழி நாகர்கோவில்காரி. அவள் ஊர்ப்பக்கத்துக் கதை தோள்சீலைப் போராட்டம். திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப்போல மேலாடை போடக் கூடாது என்று இருந்தது. போட்டவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். அரை நூற்றாண்டு காலம் அடிதடியும் தீவைப்புமாக நடந்து, 1859-இல் மகாராஜா ஒரு அறிவிப்பு வெளியிட்டார். மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மறைக்கிற மாதிரி மட்டும் வேண்டாம் என்று. அனுமதியிலேயே ஒரு முள். தோழி இதை என்னிடம் சொன்னது நான் துப்பட்டாவைக் கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டு, எவன் கண்டுபிடித்தான் இதை என்று திட்டிய நாளில். "எங்க பாட்டிமாரு இதுக்குத்தான் அடி வாங்கிச்சினும்" என்றாள். நான் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் கேட்கிற டாப்ஸுக்குக் கழுத்து இறக்கம் எத்தனை, தோள் அகலம் எத்தனை, கை நீளம் எத்தனை என்று நாள் முழுக்க டேப்பும் கையுமாக இருப்பதுதான் வேலை. கழுத்து இறக்கம் அரை சென்டிமீட்டர் கூடினால் மொத்தச் சரக்கையும் திருப்பி விடுவார்கள். இப்படி ஊருக்கெல்லாம் கழுத்து அளந்து அனுப்புகிறவள், சாயங்காலம் வீட்டு கேட் முன்னால் வண்டியை நிறுத்தி, பையிலிருந்து துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். ஆறு வருஷம் இப்படி நடந்தது. என் கணவர் அதற்கு கேட் துப்பட்டா என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது, எனக்கு அப்படி இல்லை.

நான் துப்பட்டாவை விட்டது கொள்கைக்காக இல்லை. 2013-இல் அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டரில் வரும்போது, கழுத்தைச் சுற்றிப் பின்னால் விட்டிருந்த துப்பட்டாவின் ஒரு முனை பின்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. கழுத்தைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் தெரியும். வேகம் குறைவாக இருந்ததால் விழுந்ததோடு போயிற்று. கழுத்தில் சிவப்புத் தடம் பத்து நாள் இருந்தது. இரு சக்கர வண்டியின் பின்சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நாம் சேலை கார்டு என்கிறோமே, அதுதான். ஆனால் அது பின்னால் உட்காருகிறவரின் சேலையை நினைத்து எழுதியது. ஓட்டுகிறவளின் கழுத்திலிருந்து பின்னால் பறக்கும் துணியை அந்த விதி யோசிக்கவில்லை. போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்கள் முனைகளை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றவே வேண்டாம். இரண்டு தோளிலும் பின் குத்துவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சக்கரத்தில் மாட்டினால் துணி நழுவிப் போகாது, நம்மையும் சேர்த்து இழுக்கும். வண்டியில் இருக்கும்வரை டிக்கியில் கிடப்பதுதான் நல்லது.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தை பதறித்தான் போனார். மஞ்சள் பற்றெல்லாம் போட்டுவிட்டார். ஆனால் பத்தாம் நாள் தடம் மறைந்ததும், "வண்டியில வேண்டாஞ் சாமி, எறங்குனதும் போட்டுக்கோ" என்றார். அப்படித்தான் கேட் துப்பட்டா பிறந்தது.

அத்தை நேராக அதட்டுகிறவர் இல்லை. நாத்தனார் வழியாகச் சொல்வார். என் கணவரிடம், "உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லு" என்பார். ஒரு தீபாவளிக்கு மூன்று குர்த்தியும் ஏழு துப்பட்டாவும் எடுத்துக் கொடுத்தார். 2019-இல் தமிழக அரசு அலுவலகப் பெண்கள் சேலை அல்லது துப்பட்டாவுடன் சல்வார், சுடிதார் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தச் செய்தித்தாளை மடித்து என் டிபன் பாக்ஸ் மேல் வைத்திருந்தார். சர்க்காரே சொல்லியாச்சு என்ற அர்த்தம். நான் சர்க்கார் ஊழியர் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அன்றைக்குத்தான் சண்டை போடலாம் என்று போய், கடைசியில் கேள்வி கேட்டேன். தொழில் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையர் "ஃபிட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் நாங்கள் எந்த அளவு, எந்த இடத்தில், எவ்வளவு என்று திருப்பிக் கேட்போம். அதே மாதிரி, "அத்தை, நல்லால்லைங்கறீங்க. எந்த எடம் நல்லால்லைன்னு காட்டுங்க" என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காட்டினார்.

மாமாவுக்குச் சோறு போடக் குனியும்போது கழுத்து முன்னால் தொங்குகிறது. காலையில் வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து வெயில் அடித்தால் வெள்ளைக் குர்த்தியில் உள்ளே தெரிகிறது. வண்டியில் காலைத் தூக்கிப்போடும்போது பக்கவெட்டு இடுப்புவரை விலகுகிறது. மூன்று இடம். உண்மையைச் சொன்னால் மூன்றும் எனக்கே தெரியாது. கண்ணாடி முன்னால் நாம் குனிந்து பார்ப்பதில்லை.

இந்த மூன்றுக்கும் துப்பட்டா சரியான மருந்தும் இல்லை. குனிந்தால் துப்பட்டாவும் சேர்ந்துதான் தொங்கும். எட்டு அங்குலமாக இருந்த முன்கழுத்து இறக்கத்தை ஆறரையாக்கித் தைக்கச் சொன்னேன். கழுத்துப் பட்டிக்குள் மெல்லிய கேன்வாஸ் கொடுத்தால் குனிந்தாலும் வாய் திறக்காது. பக்கவெட்டு தொடங்கும் இடத்தை மூன்று அங்குலம் கீழே இறக்கினேன், ஆரம்ப முனையில் குறுக்குத் தையல் ஒன்று போட்டால் கிழிந்து ஏறாது. வெள்ளைக்கு, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். 140 ஜிஎஸ்எம் வெள்ளைப் பனியன் துணி வெயிலில் தெரியும், 180-க்கு மேல் போனால் ஓரளவு நிற்கும். கடையில் ஜிஎஸ்எம் யாரும் சொல்லமாட்டார்கள். கையைத் துணிக்குள் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் விரல் இடுக்கு எண்ண முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். உள்ளே வெள்ளை போட்டால் வெள்ளைக்குள் வெள்ளை பளிச்சென்று கோடு காட்டும். அவரவர் தோல் நிறத்தில் போட்டால் தெரியாது.

அந்தத் தையலுக்குப் பிறகு மூன்று புகாரும் நின்றது. நாலாவது ஒன்று மிச்சம் இருந்தது. "இப்ப எங்கயும் தெரியல, ஆனாலும் துப்பட்டா இருந்தா நல்லாருக்கும்." எந்த இடம் என்றேன். இடம் எதுவும் இல்லை. யார் பார்ப்பார்கள் என்றேன். சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரே ஒரு ஆள் பெயர் வந்தது. அத்தையின் ஓரகத்தி, மூன்றாவது வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தையின் முந்தானை நழுவியதற்காக நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று அத்தை இன்றுவரை சொல்லவில்லை. நாற்பது வருஷமாக அந்தச் சொல்லுக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பயம்தான் என் தோளில் துப்பட்டாவாகத் தொங்கியது.

இதைத் தைத்துச் சரிசெய்ய முடியாது. இடத்தைக் காட்டிச் சொல்லும் புகார் வேறு, ஆளைக் காட்டிச் சொல்லும் புகார் வேறு என்று பிரித்துக்கொண்டது எனக்கு உதவியது. முதலாவதில் நியாயம் இருந்தால் ஏற்றுக்கொண்டேன், அது தோல்வியாகத் தெரியவில்லை. இரண்டாவதை என் கணவரிடம் விட்டேன். மாமியாரிடம் மருமகள் பேசினால் எதிர்த்துப் பேசுகிறாள் என்றாகும். மகன் பேசினால் மகன் பேசுவதாக மட்டும் இருக்கும். அவர் பெரிய வசனம் எதுவும் பேசவில்லை. "பெரியம்மா ஏதாவது சொன்னா என்னைக் கேக்கச் சொல்லும்மா. நாந்தான் வேண்டாம்னேன்னு சொல்லு" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, அது பொய்தான். ஒரு ஆம்பிளை அனுமதித்தான் என்ற பெயரில்தான் என் தோள் காலியானது என்பது எனக்கு இன்னமும் உறுத்தும். ஆனால் அத்தைக்கு ஓரகத்தியிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்தது, அந்த வாரமே கேட் துப்பட்டா முடிந்தது. குலதெய்வக் கோயிலுக்கும் அத்தையின் பிறந்த வீட்டுக்கும் போகும்போது மட்டும் போடுகிறேன். அது நானே வைத்த கணக்கு.

எல்லா வீட்டிலும் இது நடக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தை என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அதற்கு மேல் போகவில்லை. துணிக்காகப் போனைப் பிடுங்குவது, வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்பது, கை ஓங்குவது என்று போனால் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடிப்பது மட்டுமல்ல, வார்த்தையால் வதைப்பதும் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் அடங்கும். பெண்களுக்கான உதவி எண் 181.

என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், தாராபுரம் பக்கத்து ராவுத்தர் குடும்பம். அவள் அம்மா சேலை கட்டி முந்தானையால் முக்காடு போடுகிறவர். இவள் சேர்ந்து ஒரு வருஷம் வரை எங்களைப்போல சுடிதார்தான். ஒரு திங்கட்கிழமை ஹிஜாப் கட்டிக்கொண்டு வந்தாள். நான் சாப்பாட்டு நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது கட்டாயமா, சொல்லு என்று கேட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வீட்டுல வேண்டாங்கறாங்கக்கா. அத்தா ஒரு வாரமா பேசல. இதக் கட்டுனா நல்ல கம்பெனில வேலை கிடைக்காதுங்கறாரு" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கேட்டு முன்னால நின்னு துப்பட்டா போட்டுட்டு உள்ள போவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நான் உங்களக் கேட்டனாக்கா?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் தங்கை நேர் எதிர். அவளுக்குக் கட்டப் பிடிக்கவில்லை, கட்டிக்கொடுத்த வீட்டில் கட்டச் சொல்கிறார்கள். பிறந்த வீட்டில் ஒருத்தி கழற்றச் சொல்லிப் பேச்சு வாங்குகிறாள், புகுந்த வீட்டில் ஒருத்தி கட்டச் சொல்லி வாங்குகிறாள். அக்காவைப் பார் எவ்வளவு ஒழுங்கு என்று தங்கையிடம் சொல்வார்களாம். அதைக் கேட்கும்போதுதான் கட்டியதற்காக வருத்தப்படுவேன் என்றாள் இவள். தன் விருப்பம் தங்கைக்குப் பிரம்பாகிவிட்டது என்று. இதற்கு அவள் ஒன்று செய்தாள். தங்கை வீட்டுக்குப் போனபோது அந்த மாமியாரிடம், நான் கட்டுவது எனக்காக, என்னைக் காட்டி இவளிடம் கேட்காதீர்கள் என்று நேராகவே சொல்லிவிட்டு வந்தாள். அதனால் உடனே ஒன்றும் மாறவில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பேசுவது நின்றதாம். அன்றிலிருந்து நானும் ஒன்றைக் கவனிக்கிறேன். எந்தப் பெண்ணையும் காட்டி இன்னொருத்தியிடம் பேசுவதில்லை. அம்முச்சியைக் காட்டி அம்மாவைக் கிண்டல் செய்வதையும் விட்டேன்.

அம்முச்சி 2018-இல் போய்விட்டாள். அம்மாவுக்குப் போன வருஷம் மறுபடி ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். கண்புரை அறுவைக்கு முன்னால் எடுப்பது. என் மகளும் கூட வந்தாள், வயது 13. முழங்காலுக்கு மேல் நிற்கும் ஷார்ட்ஸ். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "டவுசரோட ஆசுபத்திரிக்கு வருவியா?"

மகளுக்கு என் பழக்கம் ஒட்டியிருக்கிறது. "எந்த எடம் அம்முச்சி நல்லால்ல?" என்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். உண்மையிலேயே யோசித்த மாதிரிதான் இருந்தது. "எடமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. எதுத்த ஊட்டுக்காரி திண்ணையில உக்கோந்திருக்கா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்துவிட்டார். ஆனாலும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளின் மடிமேல் விரித்துவிட்டுத்தான் காரைக் கிளப்ப விட்டார். தெருமுனை தாண்டியதும் மகள் அதை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

அன்றைக்கு முன்பக்க ஊக்கு ரவிக்கைதான் போட்டிருந்தார். ரசீது போடும் இடத்தில் நான் வாய் திறப்பதற்கு முன்பே, "லேடீஸ் யாராவது எடுப்பாங்களா?" என்று கேட்டார். இருந்தது ஒரே ஆள், ஆண்தான். செவிலியர் ஒருவர் கூட நிற்பதாகச் சொன்னார்கள். அம்மா சரி என்றார். உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் செவிலியர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். அம்மா படுத்தபடியே மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அந்தத் துண்டக் கொஞ்சம் குடு. வயரெல்லாம் ஒட்டியாச்சு, மேல போத்திக்கறன்."